கூட்டினால் பூஜ்ஜியம் வருகிறது, ஆனாலும் விடை தப்பு: ஆக்சிஜனேற்ற எண்களைச் சரிபார்க்கும் முறை

பிளஸ் டூ விடைத்தாள் ஒன்று. மோர் உப்பில் இரும்பின் ஆக்சிஜனேற்ற எண் என்ன என்பது கேள்வி. மாணவர் +3 என்று எழுதி, கீழே "சரிபார்ப்பு" என்று தலைப்பும் போட்டு, எல்லா எண்களையும் கூட்டிக் கடைசியில் 0 காட்டி, இரண்டு கோடும் இழுத்திருந்தார். ஆனால் மோர் உப்பில் இருக்கும் இரும்பு +2. தப்பான விடைக்குக் கூட்டல் மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

அவர் போட்ட கணக்கு இதுதான்:

```
FeSO₄·(NH₄)₂SO₄·6H₂O

Fe: x
S : 2 × (+6) = +12
O : 8 × (−2) = −16
N : 1 × (−3) = −3
H : 4 × (+1) = +4

x + 12 − 16 − 3 + 4 = 0,  x = +3
சரிபார்ப்பு: 3 + 12 − 16 − 3 + 4 = 0
```

(NH₄)₂ என்பதில் அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் 2 விட்டுப்போயிருக்கிறது. நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் எட்டு என்று இருக்க வேண்டும். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அந்த 2 அல்ல, கடைசி வரி. மொத்தம் 0 ஆக வேண்டும் என்று வைத்துத்தான் அவர் x-ஐக் கண்டுபிடித்தார். அதே x-ஐத் திரும்ப உள்ளே போட்டுக் கூட்டினால் 0 வராமல் வேறு என்ன வரும்? தன் கடையின் கல்லாவில் தானே பணத்தை எண்ணி வைத்துவிட்டு, பிறகு தானே எண்ணிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்வதைப் போல. கழித்துக் கண்டுபிடித்த எண்ணுக்குக் கூட்டுத்தொகை சாட்சியாக முடியாது. அந்தக் கூட்டலில் தெரியவருவது கழித்தலைச் சரியாகப் போட்டோமா என்பது மட்டும்தான்.

ஆகவே சரிபார்ப்பு என்றால் எண்களை வேறொரு வழியாகவும் வந்தடைந்து பார்க்க வேண்டும். அந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## முதலில் எண்ணிக்கையும் இலக்கும்

எந்த அணு எத்தனை என்று தனியாக ஒரு வரி எழுதிவிட்டுத்தான் ஆக்சிஜனேற்ற எண் பக்கம் போக வேண்டும். மனதுக்குள் எண்ணுவது வேண்டாம். மோர் உப்பில் இரும்பு 1, கந்தகம் 2, நைட்ரஜன் 2. ஹைட்ரஜன் அம்மோனியத்தில் 8, நீரில் 12. ஆக்சிஜன் சல்பேட்டுகளில் 8, நீரில் 6. நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் தனக்குள்ளேயே +2, −2 என்று கழிந்து 0 ஆகிவிடுவதால், படிக நீர் முழுவதையும் ஓரமாக வைத்துவிடலாம். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறவர்கள்தான் 6H₂O-வில் 6-ஐ ஹைட்ரஜனுக்கு மட்டும் பெருக்கிவிட்டு ஆக்சிஜனை ஒன்றாக எண்ணித் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது இலக்கு. நடுநிலைச் சேர்மம் என்றால் கூட்டுத்தொகை 0, அயனி என்றால் அதன் மின்சுமை. எல்லோருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் மின்சுமையை வாய்பாட்டிலிருந்து வாசிக்கும்போதுதான் சறுக்குகிறது. வாட்ஸ்அப்பில் வரும் வினாத்தாள்களில் Cr₂O₇²⁻ என்பது Cr2O72- என்று தட்டையாக வந்து விழும். அதில் 72 ஆக்சிஜன் இல்லை, 7 ஆக்சிஜனும் 2− மின்சுமையும் இருக்கின்றன. இப்படி வந்தால் முதல் வேலையாகக் காகிதத்தில் மேலே கீழே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

## பிறகு அயனிகளாகப் பிரித்து இன்னொரு தரம்

மோர் உப்பை இப்போது வேறு வழியில் அணுகுவோம். சல்பேட் SO₄²⁻ என்பதும் அம்மோனியம் NH₄⁺ என்பதும் தெரியும். இரண்டு சல்பேட்டுக்கு −4, இரண்டு அம்மோனியத்துக்கு +2. மீதியைச் சமன்செய்ய இரும்பு +2 ஆக இருந்தாக வேண்டும். அணு அணுவாகக் கூட்டிய வழிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதால், இரண்டும் ஒரே விடையைத் தந்தால் அந்த விடைக்கு மதிப்பு உண்டு. அந்த மாணவர் இதைச் செய்திருந்தால் ஒரு பக்கம் +3, மறுபக்கம் +2 என்று வந்து அவரே நின்றிருப்பார்.

ஒவ்வொரு அயனியையும் தனியாகவும் சோதித்துவிடலாம். சல்பேட்டில் +6 − 8 = −2. அம்மோனியத்தில் −3 + 4 = +1. சரி.

இப்போது இரும்பை +2 என்று வைத்துக்கொண்டு, அம்மோனியத்தை ஒன்றாகவே எண்ணிக் கூட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2 + 12 − 16 − 3 + 4 = −1. இந்த −1 வீண் எண் இல்லை. எங்கோ ஒரு +1 காணாமல் போயிருக்கிறது என்று அது சொல்கிறது, இந்த உப்பில் +1 சுமக்கும் துண்டு அம்மோனியம்தான். அதேபோல நீரில் ஆக்சிஜனை ஒன்றாக மட்டும் எண்ணியவருக்கு மொத்தம் +10 வரும். ஐந்து ஆக்சிஜன் விட்டுப்போனால், −10 விட்டுப்போகும். இலக்குக்கும் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை இப்படிப் படித்தால் தப்பு இருக்கும் இடமே தெரிந்துவிடும். வித்தியாசம் வந்ததும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவதைவிட இது வேகமான வழி.

இரும்புக்கு +3 என்பது நடக்கவே முடியாத எண்ணும் அல்ல, தொல்லையே அங்கேதான். இரும்புப் படிகாரம், அதாவது NH₄Fe(SO₄)₂·12H₂O, இதே ஐந்து தனிமங்களும் கொண்ட உப்பு. அதில் அம்மோனியம் ஒன்றுதான், இரும்பு +3தான். மாணவர் கணக்குப் போட்டது கிட்டத்தட்ட அந்த உப்புக்கு. ஆய்வகத்தில் இரண்டும் நன்றாகவே பிரிந்து நிற்கும். மோர் உப்பு வெளிர் பச்சை. அதன் அமிலக் கரைசலில் பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை விட்டால் நிறம் விழுந்த இடத்திலேயே மறையும், ஏனென்றால் இன்னும் ஒரு எலக்ட்ரானை இழக்க Fe²⁺ தயாராக இருக்கிறது. படிகாரக் கரைசலில் முதல் சொட்டிலேயே இளஞ்சிவப்பு தங்கிவிடும்.

## எந்த எண்ணை முதலில் வைப்பது

இன்னொரு தனிமத்தின் எண்ணைக் கழித்து எடுக்க வேண்டுமென்றால், மற்றவற்றை விதிப்படி வைக்கிறோம். விதிகளுக்குள் வரிசை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சேர்மங்களில் ஃபுளோரின் எப்போதும் −1. அடுத்து முதல் தொகுதி உலோகங்கள் +1, இரண்டாம் தொகுதி +2, அலுமினியம் +3. அதற்கப்புறம்தான் ஹைட்ரஜன் +1. கடைசியில் ஆக்சிஜன் −2. இரண்டு விதி மோதினால் முன்னால் நிற்பது வெல்லும்.

இந்த வரிசையை வைத்துக்கொண்டால் விதிவிலக்குகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் வேலை பாதி குறைந்துவிடும். NaH-ல் சோடியம் முதலில் +1 எடுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் −1. BaO₂-வில் பேரியம் +2, ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்து −2, ஆகவே தலைக்கு −1. அது பெராக்சைடு. OF₂-வில் ஃபுளோரின் இரண்டும் −2, ஆக்சிஜன் +2. BaO₂-வில் ஆக்சிஜனை −2 என்று முதலில் வைத்தால் பேரியத்துக்கு +4 வரும், கூட்டுத்தொகை 0 என்று வந்து ஒத்தும் போகும்.

## அந்தத் தனிமத்தால் அவ்வளவு தர முடியுமா?

பேரியத்துக்கு +4 என்றால் ஏன் நம்பக்கூடாது? வெளிக்கூட்டில் இருப்பதே இரண்டு எலக்ட்ரான். கழித்து எடுத்த எண் எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

13 முதல் 17 வரையுள்ள தொகுதிகளில் கணக்கு எளிது. தொகுதி எண்ணிலிருந்து 10-ஐக் கழித்தால் மேல் எல்லை, 18-ஐக் கழித்தால் உலோகமல்லாதவற்றின் கீழ் எல்லை. கந்தகம் 16-ஆம் தொகுதி: மேலே +6, கீழே −2. நைட்ரஜன் +5-இலிருந்து −3 வரை, குளோரின் +7-இலிருந்து −1 வரை. ஆக்சிஜனும் ஃபுளோரினும் மட்டும் மேல் எல்லையை எட்டுவதில்லை. ஆக்சிஜனுக்கு OF₂-வின் +2தான் பழக்கமான உச்சம். இடைநிலைத் தனிமங்களில் குரோமியத்துக்கு +6, மாங்கனீசுக்கு +7, அதாவது தொகுதி எண்ணே எல்லை. இதுவரை ஆய்வில் கண்டறியப்பட்ட மிக உயர்ந்த எண், 2014-இல் வெளியான [IrO₄]⁺ அயனியில் இரிடியத்துக்குக் கிடைத்த +9. அது 9-ஆம் தொகுதி.

பரீட்சையில் அடிக்கடி நடக்கும் தப்புகள் பல இந்த எல்லையில் மாட்டிக்கொள்ளும். MnO₄⁻-ல் மின்சுமையை மறந்து 0 என்று வைத்தால் மாங்கனீசு +8 ஆகும், எல்லை தாண்டியாயிற்று. Cr₂O₇²⁻-ல் 2x = +12 வரை வந்து, 2-ஆல் வகுக்க மறந்து +12 என்றே எழுதுபவர்களும் உண்டு. ஆனால் மாங்கனேட்டையும் பெர்மாங்கனேட்டையும் மாற்றிக்கொண்டால் எல்லை காட்டிக்கொடுக்காது. MnO₄²⁻-ல் +6, MnO₄⁻-ல் +7, இரண்டுமே நடக்கக்கூடியவை. முன்னது பச்சை, பின்னது ஊதா. வினாவில் நிறம் கொடுத்திருந்தால் அதை வீணாக்க வேண்டாம்.

## எல்லை தாண்டினால் அமைப்பை வரையுங்கள்

காரோ அமிலம், H₂SO₅. ஹைட்ரஜன் +1, ஆக்சிஜன் −2 என்று வைத்தால் 2 + x − 10 = 0, கந்தகம் +8. மேலே சொன்ன விதி வரிசையில் மோதலே இல்லை, கூட்டலும் சரி. ஆனால் கந்தகத்திடம் தர ஆறு எலக்ட்ரான்தான் உண்டு. அப்படியானால் நாம் வைத்த எண்களில் ஏதோ ஒன்று பொய். ஹைட்ரஜன் இங்கே உலோகத்தோடு இல்லை, அதைச் சந்தேகிக்க வேண்டாம். மிச்சம் ஆக்சிஜன்.

இங்கே அமைப்பை வரைவதைத் தவிர வேறு வழியில்லை. வரைந்தபின் ஒவ்வொரு பிணைப்பின் எலக்ட்ரான்களையும், கவர்தன்மை அதிகமுள்ள அணுவுக்கு முழுவதுமாகக் கொடுத்துவிட வேண்டும். ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்களுக்கு நடுவே பிணைப்பு இருந்தால் ஆளுக்குப் பாதி. ஆக்சிஜனேற்ற எண்ணின் வரையறையே அடிப்படையில் இதுதான். நாம் பயன்படுத்தும் −2, +1 விதிகளெல்லாம் இதிலிருந்து வந்த குறுக்கு வழிகள்.

```
HO–O–S(=O)₂–OH

S                       : +6
இரட்டைப் பிணைப்பு O, 2    : 2 × (−2) = −4
S–O–H-ல் உள்ள O          : −2
S-ஐத் தொடும் பெராக்சி O    : −1
H-ஐத் தொடும் பெராக்சி O    : −1
H, 2                    : +2
மொத்தம்                  : 6 − 4 − 2 − 1 − 1 + 2 = 0
```

பெராக்சி ஆக்சிஜன் ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கந்தகத்தைத் தொடும் ஆக்சிஜனுக்குப் பிணைப்புகள் இரண்டு. கந்தகத்தோடு உள்ள பிணைப்பிலிருந்து ஒரு எலக்ட்ரான் கூடுதலாகக் கிடைக்கிறது. இன்னொரு பக்கம் இருப்பதும் ஆக்சிஜன், அங்கே சரிபாதி, லாபமில்லை. ஆகவே −1. இந்தக் கூட்டலில் எந்த எண்ணும் கழித்து எடுக்கப்படவில்லை, எல்லாம் தனித்தனியாக வந்தவை. அவை சேர்ந்து 0 ஆகும்போதுதான் அந்தப் பூஜ்ஜியத்துக்கு அர்த்தம் உண்டு.

CrO₅-ம் இதே கதை. எல்லாம் −2 என்றால் குரோமியத்துக்கு +10. உண்மையில் ஒரு ஆக்சிஜன் −2, நான்கு ஆக்சிஜன் இரண்டு பெராக்சி ஜோடிகளாக −1. குரோமியம் +6.

## பின்னம் வந்தால் பயப்பட வேண்டாம்

ஹைப்போ கரைசலில் அயோடின் சேர்த்தால் கிடைக்கும் டெட்ராதயோனேட், S₄O₆²⁻. 4x − 12 = −2, x = +2.5. அரை எலக்ட்ரானை யாரும் தருவதில்லை என்று சொல்லி மாணவர்கள் இதை அடித்துவிட்டு வேறு எண் எழுதுவார்கள். அடிக்க வேண்டியதில்லை. அது சராசரி. நான்கு கந்தகமும் ஒரே மாதிரி இல்லை என்று அந்தப் பின்னம் சொல்கிறது. சங்கிலியாக நிற்கும் நான்கில் ஓரத்து இரண்டு கந்தகங்கள் ஆக்சிஜன்களைத் தாங்குகின்றன, தலைக்கு +5. நடுவில் உள்ள இரண்டும் கந்தகத்தோடு மட்டுமே பிணைந்தவை, ஆகவே 0. 5 + 0 + 0 + 5 − 12 = −2, அயனியின் மின்சுமை வந்துவிட்டது.

பின்னமாவது கத்திச் சொல்லும். சத்தமில்லாமல் ஏமாற்றுவது அம்மோனியம் நைட்ரேட், NH₄NO₃. அப்படியே கணக்குப் போட்டால் 2x + 4 − 6 = 0, நைட்ரஜன் +1. முழு எண், எல்லைக்குள் இருக்கிறது, கூட்டலும் சரி. ஆனால் அந்தச் சேர்மத்தில் +1 உள்ள நைட்ரஜன் ஒன்றுகூட இல்லை. NH₄⁺-ல் −3, NO₃⁻-ல் +5. ஒரே தனிமம் வாய்பாட்டில் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருந்தால், அதை ஒரே x-ஆகச் சேர்க்காமல் அயனிவாரியாகப் பிரியுங்கள்.

## எந்தச் சோதனையிலும் மாட்டாத ஒன்று

FeS₂, பைரைட். பல வருடங்களுக்கு முன் கரும்பலகையில் நானே இதை எழுதி, சல்பைடு என்றால் −2 என்ற பழக்கத்தில் கந்தகத்துக்கு −2, இரும்புக்கு +4 என்று போட்டுவிட்டேன். 4 − 4 = 0. வகுப்பு தலையாட்டியது. பின் வரிசையிலிருந்து ஒருவர், "சார், இரும்புக்கு +4 நாம வேற எங்கயும் பார்க்கலையே?" என்றார். கேள்வி நியாயமானது. இரும்பு 8-ஆம் தொகுதி, +4 எல்லைக்குள்தான் இருக்கிறது, அதனால் எல்லைச் சோதனை இங்கே உதவவில்லை. சந்தேகத்தை எழுப்பியது பழக்கம்: இரும்பு வழக்கமாக +2, +3-தான்.

பைரைட் படிகத்தில் கந்தக அணுக்கள் தனித்தனியாக இல்லை, S₂²⁻ என்று ஜோடி ஜோடியாகப் பிணைந்திருக்கின்றன. பெராக்சைடில் ஆக்சிஜன் இருப்பதைப் போலவே. ஆகவே கந்தகம் −1, இரும்பு +2. 2 − 2 = 0. இதுவும் பூஜ்ஜியம்தான். இரண்டு பங்கீட்டில் எது சரி என்று கூட்டுத்தொகையால் ஒருபோதும் சொல்ல முடியாது. கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் பிணைப்பு இருக்கிறதா என்ற தகவல் வெளியிலிருந்து வர வேண்டும்.

சரி, அப்படியென்றால் தப்பான பங்கீட்டை வைத்து ஒரு சமன்பாட்டைச் சமன்செய்தால் அங்கேயாவது மாட்டுமா? பைரைட்டைக் காற்றில் வறுக்கும் வினையை எடுத்துப் பார்த்தேன்:

```
4FeS₂ + 11O₂ → 2Fe₂O₃ + 8SO₂

சரியான பங்கீடு, ஒரு FeS₂-க்கு:
Fe: +2 → +3, இழப்பு 1
S : −1 → +4, இழப்பு 2 × 5 = 10     மொத்தம் 11

தப்பான பங்கீடு, ஒரு FeS₂-க்கு:
Fe: +4 → +3, ஏற்பு 1
S : −2 → +4, இழப்பு 2 × 6 = 12     மொத்தம் 11
```

நான்கு FeS₂-க்கு 44 எலக்ட்ரான் இழப்பு. 22 ஆக்சிஜன் அணுக்கள் தலைக்கு 2 வீதம் ஏற்பதும் 44. இரண்டு பங்கீட்டிலும் சமன்பாடு அழகாகச் சமன் ஆகிறது. மொத்த மின்சுமை சரியாக இருக்கும்வரை உள்ளே எப்படிப் பங்கு போட்டாலும் எலக்ட்ரான் கணக்கு மாறாது. அதனால்தான் டெட்ராதயோனேட்டில் +2.5 என்ற சராசரியை வைத்தே அயோடின் தரம் பார்த்தலின் கணக்கை நிம்மதியாகப் போட முடிகிறது: 2S₂O₃²⁻-ல் இருக்கும் நான்கு கந்தகங்கள் சராசரி +2-இலிருந்து +2.5-க்குப் போகின்றன, 4 × 0.5 = 2 எலக்ட்ரான், அதை ஒரு I₂ வாங்கிக்கொள்கிறது.

ஆனால் அதே பைரைட் வினையில் "எது ஆக்சிஜனேற்றம் அடைந்தது, எது ஒடுக்கம் அடைந்தது?" என்று கேட்டால், தப்பான பங்கீடு இரும்பு ஒடுக்கமடைந்தது என்று சொல்லிவிடும். காற்றில் வறுபடும் தாதுவில் இரும்பு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டது என்ற அந்த விடையைத்தான் அன்று நான் பலகையில் எழுதியிருந்தேன், அழிக்க வேண்டியதாயிற்று.